அட்டையின் பின்பக்கத்தில் எந்த வலி மாத்திரை?

மருந்துக் கடையில் "வலிக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் அட்டையிலிருந்து நாலைந்தைக் கத்தரித்து ஒரு சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார். உறையின் மேல் காலைக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு. மாத்திரையின் பெயர் அச்சிட்ட பகுதி பெரும்பாலும் கடையில் மிச்சமிருக்கும் அட்டையிலேயே தங்கிவிடும். வாங்கியவருக்குத் தெரிவது அது வலி மாத்திரை என்பது மட்டும்தான்.

ஆனால் அந்த உறைக்குள் இருக்கக்கூடியவை மூன்று வேறு வேறு குடும்பத்து மருந்துகள். முதல் குடும்பம், வீக்கத்தைக் குறைத்து வலியைக் குறைப்பவை: டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், நாப்ராக்சன், எடோரிகாக்சிப், எல்லாருக்கும் மூத்ததான ஆஸ்பிரின். இரண்டாவது, பாராசிட்டமால். கால்பால், குரோசின், டோலோ, இலங்கையில் பனடோல் என்று எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருப்பது இது ஒன்றுதான். மூன்றாவது, அபினியின் வழிவந்த ஓபியாய்டுகள்: மார்ஃபின், கோடீன், ஆலையில் செய்யப்படும் டிராமடால். மூன்றும் வலியைக் குறைக்கின்றன. ஆனால் குறைக்கும் இடம் வேறு, கெடுக்கும் உறுப்பு வேறு, அளவு மீறினால் உயிருக்கு ஆபத்து வரும் வழியும் வேறு.

கால் சுளுக்கி வீங்கினால் அடிபட்ட திசுக்களில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அங்குள்ள நரம்பு முனைகளை அது கூர்மையாக்கிவிடுகிறது. சாதாரணமாக உறைக்காத ஒரு தொடுகைகூட அப்போது வலிக்கிறது. அந்த இடம் சிவந்து சூடாவதிலும் வீங்குவதிலும் இதற்குப் பங்கு உண்டு. முதல் குடும்பத்து மருந்துகள் எல்லாமே புரோஸ்டாகிளாண்டினைத் தயாரிக்கும் நொதியை முடக்குகின்றன. ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருந்தும், அது வேலை செய்யும் விதம் இதுதான் என்று லண்டனில் ஜான் வேன் காட்டியது 1971-இல்தான். 1982-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தக் கண்டுபிடிப்பு பக்கவிளைவுகளையும் சேர்த்தே விளக்கிவிட்டது. புரோஸ்டாகிளாண்டின் வீங்கிய மூட்டில் மட்டும் இருக்கும் பொருள் அல்ல. இரைப்பையின் உட்சுவர் தன் அமிலத்தாலேயே அரிக்கப்படாமல் இருக்க ஒரு சளிப்படலம் தேவை. அதைச் சுரக்கச் செய்வது இதே பொருள். சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயை விரித்து வைத்திருப்பதும் இதுதான். மாத்திரைக்கு முழங்கால் எது, இரைப்பை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தத்தில் கலந்து போகும் எல்லா இடத்திலும் அதே நொதியை முடக்குகிறது.

நம் வீடுகளில் வேரூன்றிய ஒரு நம்பிக்கையை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறோம். சாப்பிட்ட பிறகு போட்டால் எரிச்சல் குறையலாம், உண்மைதான். ஆனால் புண் வருவது மாத்திரை இரைப்பைச் சுவரில் உரசுவதால் மட்டும் அல்ல. ரத்தத்தின் வழியாகப் போய்ப் பாதுகாப்புப் படலத்தைக் குறைப்பதால்தான் பெரும்பகுதி வருகிறது. ஆகவே டைக்ளோஃபெனாக்கை இடுப்பில் ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் இரைப்பை புண்ணாகலாம். இன்னொரு சங்கடம், இந்தப் புண் பலருக்கு வலிப்பதே இல்லை. முதல் அறிகுறியே மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, கெட்ட நாற்றத்துடன் போவதாக இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. தார் போலப் போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

65 வயதைத் தாண்டியவர்கள், முன்பு அல்சர் வந்தவர்கள், இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்க வேறு மருந்தோ சாப்பிடுகிறவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து பல மடங்கு. இவர்களுக்கு வலி மாத்திரை தவிர்க்க முடியாதது என்றால் கூடவே பான்டபிரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரையை எழுதுவார்கள். அது இரைப்பைப் புண்ணை நன்றாகவே தடுக்கிறது. ஆனால் சிறுகுடலில் வரும் புண்ணை அது தடுப்பதில்லை, சிறுநீரகத்துக்கும் அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. "கேஸ் மாத்திரையும் சேர்த்துத்தானே போடறேன்" என்று சொல்லி மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குகிறவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிப்பதில்லை. எடோரிகாக்சிப் வகை, அந்த நொதியின் ஒரு வடிவத்தை மட்டும் முடக்கி இரைப்பையை ஓரளவு விட்டுவைக்கும்படி உருவாக்கப்பட்டது. அதுவும் சிறுநீரகத்தை விட்டுவைப்பதில்லை. இதயத்துக்கும் அந்த வகையால் ஆபத்து உண்டு. அதே வகையைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப், மாரடைப்பு அபாயத்தைக் கூட்டியதால்தான் 2004-இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

சிறுநீரகத்தில் நடப்பதைப் புரிந்துகொள்ள ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். பல நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் காணப்படுவதை ஒருவர் கதையாக்கிச் சொல்கிறேன். வயது 66, எடை 45 கிலோ. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும், சிறுநீரைக் கூட்டும் ஹைட்ரோகுளோர்தையசைடும் சேர்ந்த ஒரே மாத்திரையை ஆறு வருடமாகச் சாப்பிடுகிறார். முழங்காலுக்குக் கடையில் வாங்கிய அசெக்ளோஃபெனாக் 100 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரை, காலையும் இரவும். இப்படியே நாலு மாதம் போயிற்று, ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு வாரம் காய்ச்சல், சளி, உடம்பு வலி. மூன்றாம் நாளிலிருந்து பேதியும் சேர்ந்துகொண்டது. சாப்பாடு இறங்கவில்லை, தண்ணீரும் அதிகம் குடிக்கவில்லை. எல்லா மாத்திரைகளும் தவறாமல் உள்ளே போயின.

சிறுநீரகத்தின் வடிகட்டிக்கு ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். வயலுக்கு வரும் வாய்க்காலில் தண்ணீர் குறையும்போது மடையைக் கூடுதலாகத் திறந்து, வடிகாலை அடைத்து நீர்மட்டத்தைக் காப்பது போல, உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகம் உள்குழாயை விரித்து, வெளிக்குழாயைச் சுருக்கி, வடிகட்டியில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. உள்குழாயை விரிக்கும் புரோஸ்டாகிளாண்டினை அசெக்ளோஃபெனாக் தடுத்துவிட்டது. வெளிக்குழாய் சுருங்க முடியாதபடி டெல்மிசார்டான் செய்துவிட்டது. இருந்த கொஞ்ச நீரையும் ஹைட்ரோகுளோர்தையசைடும் பேதியும் வெளியேற்றின. மூன்று மருந்துகளில் எதுவுமே தனியாக விஷம் அல்ல. நல்ல உடம்போடு இருந்த நாலு மாதமும் சிறுநீரகம் சமாளித்துக்கொண்டிருந்தது. நீர் வற்றிய அந்தச் சில நாட்களில் மூன்றும் ஒன்றுசேர்ந்து அதன் எல்லா வழிகளையும் அடைத்துவிட்டன.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவருக்கு ஒரு நாளாகச் சிறுநீர் மிகக் குறைவு, கால் வீக்கம், குமட்டல். போன வருடம் 0.8 ஆக இருந்த கிரியாட்டினின் 2.9-க்கு ஏறியிருந்தது.

"என்னென்ன மாத்திரை சாப்பிட்டீங்கம்மா?"

"பிரஷர் மாத்திரை டாக்டர். அப்புறம் வலி மாத்திரை. காய்ச்சலுக்கு என் பொண்ணு ஒண்ணு குடுத்தா. சளிக்குக் கடையில ஒண்ணு குடுத்தாங்க."

டாக்டர் மகளை வீட்டுக்கு அனுப்பி எல்லா அட்டைகளையும் கொண்டுவரச் சொன்னார். மேசையில் பரப்பிப் பின்பக்கத்தை ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் இரண்டாவது சிக்கல் தெரிந்தது. முழங்கால் மாத்திரையில் பாராசிட்டமால் 325, தினம் இரண்டு என்றால் 650 மில்லிகிராம். மகள் கொடுத்தது 650 மாத்திரை, தினம் நாலு என்றால் 2,600. சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் 500, தினம் மூன்று என்றால் 1,500. மொத்தம் 4,750 மில்லிகிராம். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே 24 மணி நேரத்துக்கு 4,000-தான் எல்லை. எடை குறைந்தவர், சாப்பிடாமல் கிடப்பவர், தினமும் குடிப்பவர் என்றால் பல மருத்துவர்கள் 2,000 முதல் 3,000-க்குள் நிறுத்திவிடுவார்கள். யாருமே தெரிந்து அளவை மீறவில்லை. மூன்று பெயர்களில் ஒரே மருந்து வந்ததுதான் காரணம்.

பாராசிட்டமாலின் குணம் முற்றிலும் வேறு. இது பெரும்பாலும் மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்து வலியையும் காய்ச்சலையும் குறைக்கிறது. எப்படி என்பது இன்றுவரை முழுதாகத் துலங்கவில்லை. மூளைக்குள் அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருளுக்குப் பங்கிருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வீங்கிச் சிவந்த மூட்டில் அதற்கு வேகம் மிகக் குறைவு. ஆகவே வீக்கம் வடியாது. ஆனால் அதே காரணத்தால், சரியான அளவில் இருக்கும்வரை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் அது பெரிதாகத் தொடுவதில்லை. டெங்கு சந்தேகம் இருக்கும் காய்ச்சலில் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணமும் இதுவே. ரத்தத் தட்டணுக்கள் குறைந்துபோன உடம்பில் இரைப்பைக் கசிவையும் சேர்த்துவைக்கக் கூடாது.

அதன் பலவீனம் கல்லீரலில் இருக்கிறது. உள்ளே போகும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் சிக்கலில்லாத பொருளாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் கொடிய நச்சாக மாறும். குளுட்டாதயோன் என்ற பொருள் அதை உடனுக்குடன் முறித்துவிடும். அளவு மீறும்போது நச்சு கூடுகிறது, குளுட்டாதயோன் கையிருப்பு தீர்ந்துபோகிறது, பிறகு அந்த நச்சு கல்லீரல் செல்களையே கொல்லத் தொடங்குகிறது. பட்டினி கிடப்பவருக்குக் கையிருப்பு முதலிலேயே குறைவு. அந்த அம்மாவுக்குக் கல்லீரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. 600-ஐத் தாண்டியிருந்தது. 40-ஐ ஒட்டி இருக்க வேண்டிய எண் அது.

ஒரே தடவையில் நிறைய விழுங்கியவர்களிடம் இது ஏமாற்றும் விதம்தான் மிகக் கொடுமையானது. முதல் நாள் கொஞ்சம் குமட்டல், வாந்தி, அவ்வளவுதான். சிலருக்கு அதுவும் இல்லை. இரண்டாம் நாள் தெளிவாக இருப்பதைப் பார்த்து வீட்டார் ஆறுதல் அடைவார்கள். அந்த நேரத்தில் கல்லீரல் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கும். வலது விலாவுக்குக் கீழே வலி, மூன்றாம் நான்காம் நாளில் மஞ்சள் காமாலை, ரத்தம் உறையாமை, நினைவு தடுமாற்றம் என்று அது வெளியே தெரியும்போது பல நேரங்களில் காலம் கடந்திருக்கும். இதற்கு முறிவு மருந்து உண்டு: என்-அசிட்டைல்சிஸ்டீன். தீர்ந்துபோன குளுட்டாதயோனை மறுபடி உருவாக்க உதவுவது அது. விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரலை ஏறக்குறைய எல்லாருக்குமே காப்பாற்றிவிடலாம். தாமதமாக வந்தாலும் கொடுப்பார்கள், பலனும் உண்டு, ஆனால் குறையும். எனவே கோபத்திலோ மனவேதனையிலோ ஒருவர் பாராசிட்டமாலை அதிகமாக விழுங்கிவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறார் என்று ஒரு இரவுகூடக் காத்திருக்கக் கூடாது. காலி அட்டைகளையும் எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்த வேதனையைப் பேச 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. பிரிட்டனில் 1998-இல் ஒரு பெட்டியில் விற்கும் மாத்திரைகளின் எண்ணிக்கைக்கே சட்டத்தில் உச்சவரம்பு வைத்தார்கள். மருந்துக் கடையில் 32, மற்ற கடைகளில் 16. அதன் பிறகு பாராசிட்டமால் மரணங்கள் அங்கே குறைந்தன. ஒரு வேகத்தில் கைக்கு எட்டும் அளவைக் குறைத்ததே பல உயிர்களைக் காத்தது.

அந்த அம்மாவுக்கு அசெக்ளோஃபெனாக், பாராசிட்டமால், பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்தி, சலைன் ஏற்றி, அசிட்டைல்சிஸ்டீனும் கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் கிரியாட்டினின் 1.0-க்கு இறங்கியது. நேரத்தில் கண்டுபிடித்தால் இந்த வகைச் சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் மீளக்கூடியது. வருடக்கணக்கில் தினமும் விழுங்கிச் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெட்டவர்களுக்கு அப்படி மீட்சி கிடைப்பதில்லை. வீட்டுக்குப் போகும்போது, காய்ச்சல், பேதி, வாந்தி வந்தால் பிரஷர் மாத்திரையைத் தொடர்வதா என்று அன்றே டாக்டரைக் கேட்கும்படி சொன்னார்கள். முழங்காலுக்குத் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், மேலே தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லும் எழுதினார்கள். தடவும் மருந்தில் ரத்தத்துக்குள் போவது மாத்திரையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம்.

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு நம் நாட்டில் கண்ணெதிரே ஒரு பெரும் துயரம் நடந்திருக்கிறது. மாடுகளுக்குப் போட்ட அந்த ஊசி, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுக் கழுகுகளின் உடம்புக்குள் போய், சிறுநீரகம் செயலிழந்து, அவை கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. மாட்டின் உடம்பில் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் அசெக்ளோஃபெனாக்கும் 2023-இல் தடைப்பட்டியலில் சேர்ந்தது. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளைப் பார்க்கும்போது எனக்கு இந்த மருந்தின் நினைவு வராமல் இருப்பதில்லை.

மூன்றாவது குடும்பம் புரோஸ்டாகிளாண்டினைத் தொடுவதே இல்லை. தண்டுவடத்திலும் மூளையிலும் வலிச் செய்தி ஒரு நரம்பிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடங்களில், நம் உடம்பே சுரக்கும் எண்டார்ஃபின் வந்து பொருந்துவதற்கான ஏற்பிகள் இருக்கின்றன. ஓபியாய்டுகள் அங்கே போய் அமர்ந்து செய்தியைத் தடுக்கின்றன. வலி தெரிந்தாலும் அது அவ்வளவு வாட்டாது. இரைப்பையில் புண் வராது, சிறுநீரகத்தின் குழாய்களும் சுருங்காது. ஆனால் அதே ஏற்பிகள் குடலிலும் இருக்கின்றன. குடல் மந்தமாகி மலச்சிக்கல் வரும். மற்றத் தொந்தரவுகள் பழகினாலும் இது மட்டும் பழகுவதில்லை. மார்ஃபின் எழுதும் மருத்துவர் முதல் நாளே மலமிளக்கியையும் எழுதுவது அதனால்தான். மூச்சு விடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மூளைத்தண்டிலும் இதே ஏற்பிகள் உண்டு. உண்மையான ஆபத்து அங்கேதான்.

ஐபுபுரூஃபனை ஓர் அளவுக்கு மேல் கூட்டினால் வலிக்குறைப்பு கூடுவதில்லை, பக்கவிளைவுதான் கூடும். மார்ஃபினுக்கு அப்படி ஓர் உச்சவரம்பு கிடையாது. புற்றுநோய் வலி கூடக்கூட, மருத்துவர் கண்காணிப்பில் படிப்படியாக அளவைக் கூட்டிக்கொண்டே போகலாம். அப்படிக் கொடுக்கும்போது மூச்சு நிற்பது அரிது. மார்ஃபின் என்றாலே முடிவு என்று அஞ்சி அதை மறுத்து, கடைசி மாதங்களை அலறலில் கழிக்கிறவர்களைப் பற்றி எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு. வலியே இல்லாதவர், தூக்க மாத்திரையோ மதுவோ சேர்த்தவர், எடுத்த எடுப்பில் பெரிய அளவு போட்டவர் ஆகியோரைத்தான் அது கொல்கிறது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் கவனம் தேவை. மார்ஃபின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை, ஆனால் கல்லீரலில் அதிலிருந்து உண்டாகும் வீரியமான ஒரு பொருள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வெளியேற வழியில்லாமல் தேங்கினால், நேற்றுவரை சரியாக இருந்த அதே அளவு இன்று தூக்கத்தில் ஆழ்த்திவிடும். கைகால் துள்ளுவது முன்னெச்சரிக்கை.

சாதாரணக் குடும்பங்களுக்குள் அதிகம் நுழைவது டிராமடால். 2018 முதல் இது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் இருக்கிறது, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பாராசிட்டமாலோடு சேர்த்தும் வருகிறது. ஆகவே அந்தக் கூட்டல் கணக்கு இங்கேயும் உண்டு. அளவு மீறினால் வலிப்பு வரும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு சேர்ந்தால் உடம்பு நடுங்கி, வியர்த்து, காய்ச்சல் ஏறும். வயதானவர்களுக்குத் தலைசுற்றி இரவில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் நடக்கிறது. டிராமடாலையும் கோடீனையும் சிலருடைய கல்லீரல் மிக வேகமாக வீரியப் பொருளாக மாற்றிவிடும் என்பதால் 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இரண்டையும் கொடுக்கக் கூடாது.

ஓபியாய்டு அளவு மீறியதை அடையாளம் காண மூன்று விஷயங்கள் போதும். எழுப்பினாலும் எழாத மயக்கம், கடுகளவு சுருங்கிய கண்மணி, எண்ணக்கூடிய அளவுக்கு மெதுவான மூச்சு. மார்பைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். நிதானமாக இருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை வரும். எட்டுக்குக் கீழே போனாலோ, தொண்டையில் கர் கர் என்று சத்தம் வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்று விட்டுவிடக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைத்து, மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். ஆஸ்பத்திரியில் நலாக்சோன் ஊசி போட்டால் ஏற்பிகளிலிருந்து ஓபியாய்டு நகர்ந்து, சில நிமிடங்களில் நோயாளி கண் விழிப்பார். ஆனால் நலாக்சோனின் வேகம் ஏறக்குறைய அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும், உள்ளே போன மருந்து அதைவிட நீண்ட நேரம் தங்கும். விழித்தெழுந்து "நான் வீட்டுக்குப் போறேன்" என்று சொல்கிறவர் மறுபடி மயங்கி மூச்சு நிற்பது அப்படித்தான். அதனால் பல மணி நேரம் கண்காணிப்பில் வைத்து, தேவைப்பட்டால் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். விழுங்கியது பாராசிட்டமால் கலந்த டிராமடால் என்றால் இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது. விழுங்கி நாலு மணி நேரம் ஆனதும் ரத்தத்தில் பாராசிட்டமால் அளவைப் பார்த்து, அசிட்டைல்சிஸ்டீன் வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டும். நலாக்சோன் கல்லீரலைக் காப்பதில்லை.